செல்ஃப் மெதுவாகச் சுற்றும் வண்டி: ஓர் எர்த் பட்டையிலிருந்து எழுதிய வினாக்கள்

மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்சியில் இருப்பவர்களுக்கு நான் முதலில் தயாரித்த வினாத்தாளில் ‘செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றுவதற்கான காரணங்கள் யாவை?’ என்றொரு கேள்வி இருந்தது. எல்லோரும் ஒரே விடையை எழுதினார்கள்: பேட்டரி பலவீனம், டெர்மினலில் பூப்பு, கார்பன் பிரஷ் தேய்மானம், புஷ் தேய்மானம், எர்த் கோளாறு, எஞ்சின் இறுக்கம். ஒன்றும் தவறில்லை. ஆனால் அதே பயிற்சியாளர்களை ஒரு வண்டியின் முன் நிறுத்தி, இந்த ஆறில் எதை முதலில் பார்ப்பீர்கள், ஏன் என்று கேட்டபோது, பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம் என்பதற்கு மேல் யாரும் நகரவில்லை. அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழியைக் கேட்காமல், காரணங்களின் பட்டியலை மட்டும் கேட்டது என் பிழை. அந்தக் கேள்வியை ஒரே ஒரு வண்டியை வைத்துத் திருத்தி எழுதிய விதத்தை இங்கே பதிகிறேன்.

வண்டி நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். எஞ்சின் சில நேரம் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது. உரிமையாளர் வேறோர் இடத்தில் பேட்டரியை மாற்றியிருந்தார். இரண்டு வாரம் நன்றாக இருந்ததுபோல் தோன்றிப் பழைய நிலை திரும்பியதும் செல்ஃப் மோட்டாரையும் மாற்றியிருந்தார். இரண்டும் புதியவை, கோளாறு மட்டும் பழையது. பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி அமைவது அரிது என்பதால், உரிமையாளரின் அனுமதியோடு ஒரு முழுக் காலையை இதற்கென ஒதுக்கினேன்.

முதல் வினாவைக் கருவி எதையும் கையில் எடுக்குமுன் கேட்டேன்: ‘முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். காதில் என்ன கேட்கிறது, விளக்கு என்ன ஆகிறது?’ எளிதாகத் தோன்றினாலும் பாதிக் கோளாறுகளை இந்த ஒரு கேள்வி வெளியேற்றிவிடும். ஓசையே இல்லை, விளக்கும் மங்கவில்லை என்றால் செல்ஃபுக்கு ஆணை போகவில்லை. இக்னிஷன் சுவிட்ச், ரிலே, கிளட்ச் மிதியிலுள்ள சுவிட்ச், செல்ஃபின் மின்காந்த சுவிட்சான சோலினாய்டுக்குப் போகும் மெல்லிய வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ‘டக்’ என்று ஒரே ஒரு ஓசை, விளக்கோ மங்காமல் நிற்கிறது என்றால் சோலினாய்டு இழுத்துவிட்டது, ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை. ‘டக டக டக’ என்று தொடர்ந்து அடித்துக்கொண்டு விளக்கும் துடித்தால் பேட்டரியில் மின்னூட்டம் இல்லை, அல்லது அதன் டெர்மினலில் பிடிப்பு இல்லை. சோலினாய்டின் தொடுமுனைகள் மூடியவுடன் மோட்டார் பெருமளவு மின்னோட்டத்தைக் கேட்கிறது, மின்னழுத்தம் சரிகிறது, பிடித்திருக்கும் சுருள் விட்டுவிடுகிறது, சுமை நீங்கியதும் மின்னழுத்தம் ஏறிச் சுருள் மீண்டும் இழுக்கிறது. அந்தத் துடிப்பு இவ்வாறுதான் உண்டாகிறது. மோட்டார் சர்ரென்று வேகமாகச் சுற்றியும் எஞ்சின் அசையாவிட்டால் சிக்கல் மின்சாரத்தில் இல்லை, மோட்டாரை எஞ்சினோடு கோக்கும் பினியனிலோ அதன் ஒருவழிக் கிளட்சிலோ இருக்கிறது.

எங்கள் வண்டி இவற்றில் எதிலும் சேரவில்லை. மோட்டார் சுற்றியது, ஆனால் சோம்பலாக. விளக்கோ மிகச் சிறிதளவே மங்கியது. பெரும்பாலானவர்கள் ‘விளக்கு சிறிது மங்குகிறது, எனவே பேட்டரி பலவீனம்’ என்று எழுதினார்கள். ஒரு பெண் மட்டும், பேட்டரி உண்மையிலேயே பலவீனமாக இருந்தால் செல்ஃப் இவ்வளவு திணறும்போது விளக்கு ஏறத்தாழ அணைந்திருக்க வேண்டுமே என்று எழுதியிருந்தார். அந்த ஐயத்தையே அடுத்த வினாவாக ஆக்கிக்கொண்டேன்.

அளவெடுக்குமுன் செய்ய வேண்டியவற்றை அவர்களையே வரிசையாகச் சொல்ல வைத்தேன். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், கைபிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும், கையில் மோதிரமோ கைக்கடிகாரமோ இருக்கக் கூடாது. எரிபொருள் பம்பின் ரிலேயைக் கழற்றி, குழாயில் எஞ்சியிருக்கும் அழுத்தம் தீரும்வரை ஓட்டிவிட வேண்டும்; இல்லாவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், அளவும் கெடும், பெல்ட்டுக்கு அருகில் கை வைத்திருப்பவருக்கும் ஆபத்து. செல்ஃபை ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் ஓட்டக் கூடாது. அடுத்த முறைக்குமுன் அது ஆற ஒரு நிமிடமாவது விட வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பலர் மதிப்பதில்லை. புதிய செல்ஃப் சோதனையிலேயே கருகுவது அதனால்தான்.

பேட்டரியின் இரண்டு கம்பங்களிலும் மல்டிமீட்டரை வைத்தபோது, வண்டி ஓய்வில் இருக்கையில் 12.6 வோல்ட் காட்டியது. இது முழு மின்னூட்டத்துக்கான அளவு. செல்ஃப் ஓடும்போது அது 11.4 வோல்ட்டுக்கு இறங்கியது. எதிர்மறை வயரில் மாட்டியிருந்த கிளாம்ப் மீட்டர் ஏறத்தாழ 120 ஆம்பியர் காட்டியது. இங்கே வினாத்தாளின் முதுகெலும்பான கேள்வியை எழுதினேன்: ‘செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது. அந்நேரத்தில் பேட்டரியில் 11.4 வோல்ட் இருக்கிறது. இந்த அளவு பேட்டரியைக் குற்றவாளியாக்குகிறதா, விடுவிக்கிறதா?’

நல்ல நிலையிலுள்ள பேட்டரி, மிதமான வெப்பநிலையில் செல்ஃப் ஓடும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பது பட்டறைகளில் பரவலாகக் கொள்ளப்படும் எல்லை. 11.4 என்பது அதற்கு வெகு மேலே. அதாவது பேட்டரி சிரமப்படவே இல்லை. அதனிடமிருந்து போதிய மின்னோட்டம் வாங்கப்படவில்லை. மோட்டார் பசியோடு நிற்கிறது, பேட்டரியோ நிறைந்திருக்கிறது. இடையில் எதுவோ தடுக்கிறது. எண் உயர்ந்திருந்தால் நல்லது, தாழ்ந்திருந்தால் கெட்டது என்று மட்டும் பார்க்கப் பழகியவர்களுக்கு இந்த இடம் கடினமாக இருந்தது. ‘நன்றாக இருக்கும்’ ஓர் அளவே கோளாறின் தடயமாக இருக்கலாம் என்பதை ஏற்க அவர்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

நான் எழுதி வைத்திருந்த விடை ‘வழியில் மின்தடை அதிகம்; வயர்களைச் சோதிக்க வேண்டும்’ என்பது. ஒரு பயிற்சியாளர் கை உயர்த்தி, ‘சார், பிரஷ் தேய்ந்திருந்தாலும் மோட்டாருக்குள்ளேயே தடை கூடுமே; அப்போதும் மின்னோட்டம் குறையும், பேட்டரி அளவு உயர்ந்தே நிற்கும் அல்லவா?’ என்றார். அவர் சொன்னது சரி. என் வினா இரண்டு விடைகளை அனுமதித்தது, நானோ ஒன்றுக்கே மதிப்பெண் வைத்திருந்தேன். செல்ஃப் புதியது என்ற தகவலை நான் மனத்துக்குள் வைத்துக்கொண்டு வினாவில் எழுதாமல் விட்டிருந்தேன். எழுதியிருந்தாலும், புதிய பொருள் கெட்டிருக்காது என்று எடுத்துக்கொள்வது முறையாகாது. அந்த இடத்தில் வினாவைத் திருத்தினேன்: ‘இந்த அளவுக்குப் பொருந்தும் இரண்டு காரணங்களை எழுதுக. அவற்றைப் பிரிக்க எந்த இரு புள்ளிகளுக்கிடையே மீட்டரை வைப்பீர்கள்?’

பிரிக்கும் அளவு செல்ஃப் மோட்டாரிலேயே இருக்கிறது. செல்ஃபின் தடித்த டெர்மினலில் ஒரு முனையையும் செல்ஃபின் உடலில் மறுமுனையையும் வைத்து ஓட்டினால், அங்கே ஏறத்தாழ 11 வோல்ட் இருந்தும் அது சோம்பினால் குறை மோட்டாருக்குள் இருக்கிறது. அங்கே மின்னழுத்தம் வெகுவாகக் குறைந்திருந்தால் வழியில் தொலைகிறது. எங்களுக்குக் கிடைத்தது 8.0 வோல்ட். பேட்டரியிலிருந்து புறப்பட்ட 11.4 வோல்ட்டில் 3.4 வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது. மோட்டார் நிரபராதி, முந்தைய மோட்டாரும் ஒருவேளை நிரபராதியாகவே கழற்றப்பட்டிருக்கலாம்.

தொலைந்த 3.4 வோல்ட்டைத் தேடும் வேலையில்தான் அதிகப் பிழைகள் நடந்தன. ஒரு குழு பேட்டரி வயர்களைக் கழற்றி, மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒவ்வொரு வயரிலும் சுழியத்துக்கு அருகில் காட்டுகிறது, எனவே எல்லாம் சரி என்று எழுதியது. இதை ஏன் நம்ப முடியாது என்பதைக் கணக்காகவே கேட்டேன். 120 ஆம்பியரில் 3 வோல்ட் இழப்புக்குத் தேவையான தடை எவ்வளவு? மூன்றை 120-ஆல் வகுத்தால் 0.025 ஓம். சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலே அதன் வயர்களின் தடை மட்டும் 0.1 அல்லது 0.2 ஓம் காட்டும். நாம் தேடும் அளவு மீட்டரின் சொந்தத் தடைக்குள் மறைந்துபோகிறது. தடித்த வயரில் ஒரே ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் ஓம் மீட்டர் அதை நல்ல வயர் என்றே சொல்லும், ஏனெனில் அது மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தியே அளக்கிறது. செல்ஃபின் வழியை, சுமை ஓடும்போது, மின்னழுத்த இழப்பாகத்தான் அளக்க வேண்டும்.

இன்னொரு குழு முறையைச் சரியாகவே பிடித்தது, ஆனால் மீட்டர் முனையைப் பேட்டரிக் கம்பத்தில் வைக்காமல் கம்பத்தைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வைத்தது. அப்படி வைத்தால் கம்பத்துக்கும் கிளாம்புக்கும் இடையிலான இணைப்பு சோதனைக்கு வெளியே போய்விடும். வண்டிகளில் அடிக்கடி பழுதாகும் இணைப்போ அதுதான். இந்த வண்டியில் அது நன்றாக இருந்ததால் அவர்களுடைய எண் தற்செயலாகச் சரியாக வந்தது. தற்செயலாகச் சரியாக வந்த விடைக்கு மதிப்பெண் தரலாமா என்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. முனை வைத்த இடத்தையும் விடையில் எழுத வேண்டும் என்று வினாவில் சேர்த்து அதைத் தீர்த்துக்கொண்டேன்.

முறையாக அளந்தபோது, பேட்டரியின் நேர்க் கம்பத்திலிருந்து செல்ஃப் டெர்மினல் வரை இழப்பு 0.3 வோல்ட். நேர்ப் பக்கம் முழுவதற்கும் 0.5 வோல்ட் வரை ஏற்கலாம் என்பதால் அதை விட்டுவிட்டோம். பேட்டரியின் எதிர்க் கம்பத்திலிருந்து எஞ்சின் பிளாக் வரை 3.1 வோல்ட். மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் பக்கத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலே ஐயப்பட வேண்டும். 0.3-உம் 3.1-உம் சேர்ந்தால் 3.4, காணாமல் போனது முழுவதும் கணக்கில் வந்துவிட்டது. இந்தக் கூட்டல் பொருந்தாவிட்டால் எங்கோ தவறாக அளந்திருக்கிறோம் என்று பொருள். எனவே பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லும் ஒரு வரியையும் வினாத்தாளில் சேர்த்திருக்கிறேன்.

எர்த் பக்கம் இந்த வண்டியில் இரண்டு துண்டுகளாகப் போகிறது. பேட்டரியிலிருந்து ஒரு வயர் வண்டியின் உடலுக்கு. உடலிலிருந்து பின்னல் பட்டை ஒன்று கியர்பாக்ஸுக்கு. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், அந்தப் பட்டைதான் அவற்றுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள முறையான மின்வழி. ‘இரண்டில் எது என்று மீட்டர் வைக்காமலே ஊகிக்க முடியுமா?’ என்று கேட்டேன். முடியும், முதல் வினாவின் விடையிலேயே அது இருக்கிறது. முன்விளக்கின் எர்த் உடலில் இருக்கிறது. விளக்கு பெரிதாக மங்கவில்லை என்றால் பேட்டரிக்கும் உடலுக்கும் இடையிலான துண்டு நன்றாக இருக்கிறது. உடலுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலான துண்டுதான் மிச்சம். அளந்தும் பார்த்தோம்: கம்பத்திலிருந்து உடல் வரை 0.1 வோல்ட், உடலிலிருந்து எஞ்சின் வரை 3.0 வோல்ட்.

இந்த இடத்தில் கையாலேயே உணரக்கூடிய இன்னொரு சான்றும் கிடைத்தது. 3 வோல்ட்டை 120 ஆம்பியரால் பெருக்கினால் 360 வாட். செல்ஃப் ஓடும் சில விநாடிகளில் அவ்வளவு வெப்பம் ஓர் இணைப்பில் இறங்குகிறது. மூன்றாவது முறை ஓட்டியபின், பட்டை உடலோடு சேரும் போல்ட்டருகே புறங்கையைக் கொண்டுபோனபோதே சூடு தெரிந்தது. சில வண்டிகளில் இந்தப் பட்டை முற்றிலும் அறுந்துபோனால், மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் ஆகியவற்றின் உலோக உறை வழியாகத் திரும்பும். உறை சூடாகிப் புகைவதும் கேபிள் இறுகுவதும் உண்டு. கேபிள் இறுகுகிறது என்று வரும் வண்டியில் எர்த்தைப் பார்க்கச் சொல்லும் துணைவினா ஒன்றை இதிலிருந்து எடுத்தேன்.

பட்டையைக் கழற்றியதும் காரணம் வெளிப்படையாகத் தெரிந்தது. அதன் வளையம் வண்ணம் பூசிய தகட்டின் மேல் முடுக்கப்பட்டிருந்தது. உலோகத்தோடு உலோகம் தொட்டது போல்ட்டின் மரைகள் வழியாக மட்டுமே, அவற்றிலும் துரு ஏறியிருந்தது. பட்டையின் அசல் இடம் சற்றுத் தள்ளி, வண்ணம் படாத வட்டத்தோடு காலியாக இருந்தது. உரிமையாளரிடம் கேட்டபோது, சில மாதங்களுக்குமுன் கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கியதாகச் சொன்னார். கோளாறு தொடங்கியது அதற்குப் பின்தான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஏனெனில் யாரும் கேட்கவில்லை. ‘இந்தச் சிக்கல் தொடங்குமுன் வண்டியில் கடைசியாக நடந்த வேலை என்ன?’ என்ற கேள்வி இப்போது என் தாளில் முதலிடத்துக்கு, முன்விளக்குக் கேள்விக்கும் மேலே, போயிருக்கிறது.

பழுது நீக்க அதிக நேரம் ஆகவில்லை. பேட்டரியின் எதிர் வயரை முதலில் கழற்றிவிட்டு, பட்டையை அசல் இடத்துக்குக் கொண்டுவந்து, தொடுமிடத்தை உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, வளையத்தையும் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, பல் வைத்த வாஷரோடு முடுக்கினோம். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினோம், ஈரம் புகாமல் இருக்க.

மறு அளவெடுப்பு பயிற்சியாளர்களைக் குழப்பியது. செல்ஃப் கணீரென்று சுற்றியது, ஆனால் பேட்டரியின் அளவு 11.4-லிருந்து 11.1 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. ‘பழுது நீங்கிய பின் பேட்டரி ஏன் முன்னைவிடத் தாழ்கிறது?’ என்பதை வினாவாகவே வைத்தேன். தடை நீங்கியதால் மோட்டார் இப்போது 150 ஆம்பியர் வாங்குகிறது, அதனால் பேட்டரி சற்றுக் கூடுதலாக உழைக்கிறது. எர்த் இழப்பு 0.2 வோல்ட். நேர்ப் பக்க இழப்பு 0.3-லிருந்து 0.4 ஆனது, அந்த வயரை யாரும் தொடவில்லை, மின்னோட்டம் கூடியதே காரணம். மோட்டாருக்கு 10.5 வோல்ட் கிடைத்தது. பேட்டரி அளவை மட்டும் முன்னும் பின்னும் குறித்துவைப்பவர் நிலைமை மோசமாகிவிட்டது என்று எழுதிவிடுவார்.

இரண்டாவது பேட்டரி ஏன் இரண்டு வாரத்தில் சோர்ந்தது என்ற கேள்வி அப்போதும் மிச்சமிருந்தது. ஆல்டர்னேட்டர் எஞ்சினில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் மின்னோட்டமும் அதே பட்டை வழியாகத்தான் சுற்றை முடிக்கிறது. எனவே பட்டையில் தடை இருந்தால் பேட்டரிக்குப் போகும் மின்னூட்டமும் குறைய வேண்டும். நல்லவேளையாகக் காலையிலேயே, எரிபொருள் ரிலேயைக் கழற்றுமுன், எஞ்சின் ஒருமுறை பிடித்தபோது விளக்கையும் ஊதுவிசிறியையும் ஓடவிட்டு ஓர் அளவு குறித்திருந்தோம்: பேட்டரியில் 13.4 வோல்ட். ரிலேயை மாட்டிவிட்டு அதே சுமையோடு இப்போது அளந்தபோது 14.1. செல்ஃப் திணறியது பேட்டரி பலவீனமாக இருந்ததால் அல்ல. செல்ஃபைத் திணறடித்த அதே தடைதான் பேட்டரியையும் அரைப்பசியில் வைத்திருந்தது. அதனால்தான் முழு மின்னூட்டத்தோடு வந்த புதிய பேட்டரி இரண்டு வாரத்துக்கு நோயை மறைத்தது. எங்களிடம் வரும் முன்தினம் உரிமையாளர் அதை வெளியே சார்ஜ் செய்திருந்தார் என்பதும் பிறகு தெரிந்தது. ஓய்வில் கிடைத்த 12.6-க்கு விளக்கம் அதுதான்.

தாளின் கடைசி வினாவாக, இதே புகாரோடு வேறோர் வண்டி வருவதாக வைத்து அளவுகளை மட்டும் மாற்றியிருக்கிறேன்: செல்ஃப் ஓடும்போது பேட்டரியில் 8.2 வோல்ட், இப்போது எங்கே போவீர்கள்? வயர்களைத் தேடிப் போகிறவர், முந்தைய வண்டியை மனப்பாடம் செய்தவர். இங்கே மின்னழுத்தம் பேட்டரியிலேயே சரிந்துவிட்டது. கிளாம்ப் மீட்டர் வழக்கமான 150 ஆம்பியரை ஒட்டிக் காட்டினால் பேட்டரியை முழுதும் மின்னூட்டிச் சுமைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அது 300-ஐத் தாண்டினால் பேட்டரியை விட்டுவிட்டு, யார் இவ்வளவு வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்: புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசுகிறதா, எஞ்சினே இறுகியிருக்கிறதா. இவ்விரண்டையும் பிரிக்க மீட்டர் தேவையில்லை. கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தால் போதும். இந்த வினாவுக்கு ஸ்பானர் என்று விடை எழுதியவர்கள் இருவர். அவர்களில் ஒருவர், காலையில் பிரஷ் பற்றிக் கேட்டு என் வினாவைத் திருத்தியவர்.